மழைக் கணக்கின் ஓரத்து வாரங்கள்

2024-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழையை வாரவாரியாகக் கூட்டிப் பட்டை வரைபடம் போட்டால், முதல் பட்டை பெரும்பாலும் குட்டையாகத்தான் நிற்கும். பருவம் மெதுவாகத் தொடங்கியிருக்கிறது என்று பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். உண்மையில் அந்தப் பட்டைக்குள் இருப்பது இரண்டே நாள் மழை. அந்த ஆண்டு அக்டோபர் 1 செவ்வாய்க்கிழமை. இந்திய வானிலை ஆய்வு மையம் மழையைக் கணக்கிடும் வாரம் வியாழன் தொடங்கிப் புதனோடு முடிகிறது. ஆகவே பருவத்தின் முதல் வாரத்துக்குக் கிடைப்பது செவ்வாயும் புதனும் மட்டும். மீதி ஐந்து நாட்கள் செப்டம்பரில் கிடக்கின்றன.

இது வெறும் தோற்றப் பிழையாக நின்றுவிடுவதில்லை. வானிலை மையம் ஓர் இடத்தின் மழையை அந்த இடத்தின் வழக்கமான அளவோடு ஒப்பிட்டு, எத்தனை சதவீதம் கூடுதல், எத்தனை சதவீதம் குறைவு என்று சொல்கிறது. 19 சதவீதம் வரை கூடினாலும் குறைந்தாலும் அது இயல்பு. 20 முதல் 59 சதவீதம் வரை குறைந்தால் பற்றாக்குறை. 60-க்கு மேல் குறைந்தால் கடும் பற்றாக்குறை. இப்போது அந்த இரண்டு நாளிலும் வழக்கப்படியே மழை பெய்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் மழையை ஏழு நாள் வழக்க அளவோடு ஒப்பிட்டால் 71 சதவீதம் குறைவு என்று வரும். எந்தக் குறையும் இல்லாமல் பெய்த மழைக்குக் கடும் பற்றாக்குறை என்ற முத்திரை விழுந்துவிடும்.

தினசரிப் பதிவுகளை வாரமாகவோ மாதமாகவோ கூட்டுவது எளிய வேலை. பைத்தான் மொழியில் எழுதுபவர்கள் அதற்குப் பாண்டாஸ் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். வெஸ் மெக்கின்னி 2008-இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது எழுதத் தொடங்கிய தொகுப்பு இது. இன்று வங்கி, மருத்துவம், வேளாண்மை என்று தேதியோடு எண்கள் வரும் இடங்களிலெல்லாம் இருக்கிறது. அதில் `resample` என்ற ஒற்றைச் சொல், நாட்களை வாரங்களாகப் பிரித்துக் கூட்டிக் கொடுத்துவிடும். ஒரே வரியில் வேலை முடிந்துவிடுவதால், அந்த வரிக்குள் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன என்று பலரும் கேட்பதில்லை. வாரம் எந்தக் கிழமையில் முடிகிறது, அந்த வாரத்துக்கு எந்தத் தேதியைப் பெயராக வைப்பது, ஓரத்தில் நிற்கும் அரைகுறை வாரத்தை என்ன செய்வது ஆகிய மூன்றையும் நாம் சொல்லாவிட்டால் பாண்டாஸ் தானே முடிவு செய்துகொள்கிறது.

ஒன்று என்ற எண்ணை வைத்து ஒரு சோதனை

உண்மையான மழை அளவுகளைத் தொடுவதற்கு முன் நான் பரிந்துரைக்கும் சோதனை ஒன்று உண்டு. பருவத்தின் ஒவ்வொரு நாளுக்கும் மழை அளவுக்குப் பதிலாக 1 என்ற எண்ணை வைத்து, அதை வாரமாகக் கூட்டிப் பாருங்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதால் வரும் கூட்டுத்தொகையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்கே ஏழு வரவில்லையோ அங்கே வாரம் உடைந்திருக்கிறது என்று பொருள்.

```python
import pandas as pd

days = pd.date_range("2024-10-01", "2024-12-31")
ones = pd.Series(1, index=days)
print(ones.resample("W").sum())
```

அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள். விடையில் 14 வரிசைகள் வரும். நடுவில் உள்ள பத்தை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் பார்ப்போம்.

```
2024-10-06    6
2024-10-13    7
...
2024-12-29    7
2025-01-05    2
```

முதல் வாரத்தில் ஆறு நாள், கடைசி வாரத்தில் இரண்டு நாள். ஆனால் வானிலை மையத்தின் வாரப்படி முதல் வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்று மேலே பார்த்தோம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் `"W"` என்ற எழுத்து. அதைத் தனியாகக் கொடுத்தால், திங்களில் தொடங்கி ஞாயிறோடு முடியும் வாரம் என்று பாண்டாஸ் எடுத்துக்கொள்ளும். அதன் முழுப்பெயர் `"W-SUN"`. புதனில் முடியும் வாரம் வேண்டுமென்றால் அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

```python
print(ones.resample("W-WED").sum())
```

```
2024-10-02    2
2024-10-09    7
...
2024-12-25    7
2025-01-01    6
```

இப்போது முதல் வாரத்தில் இரண்டு, கடைசியில் ஆறு. தரவு அதேதான். முடிவுக் கிழமை மாறியதும், உடைந்த வாரத்தின் பெரும்பகுதி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்விட்டது. ஒருவர் ஞாயிறு வாரத்தையும் இன்னொருவர் புதன் வாரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், முதலாமவருக்குப் பருவம் சோர்ந்து முடிந்தது போலவும் மற்றவருக்குச் சோர்ந்து தொடங்கியது போலவும் தெரியும்.

ஆறு நாள் வாரத்தை நான் இரண்டு நாள் வாரத்தைவிட ஆபத்தானதாகக் கருதுகிறேன். இரண்டு நாள் வாரம் 71 சதவீதக் குறைவைக் காட்டுவதால் யாராவது ஒருவர் புருவத்தை உயர்த்துவார். ஆறு நாள் வாரம் 14 சதவீதக் குறைவைத்தான் காட்டும். அது இயல்பு என்ற வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. 1 என்ற எண்ணை வைத்துச் சோதித்தால்தான் அது கண்ணில் படும்.

புயலைப் பிளக்கும் ஞாயிறு

வாரத்தின் முடிவுக் கிழமை ஓரங்களை மட்டும் பாதிப்பதில்லை. பருவத்தின் நடுவில் உள்ள ஒவ்வொரு வாரத்தையும் அது வெட்டுகிறது. 2024 நவம்பர் 30 சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 51 செ.மீ. மழை பதிவானது. புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. மயிலத்தின் அளவு டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமைக்கும், ஊத்தங்கரையின் அளவு டிசம்பர் 2 திங்கட்கிழமைக்கும் உரியவை.

ஞாயிறோடு முடியும் வாரத்தில் கூட்டினால் மயிலம் ஒரு வாரத்திலும் ஊத்தங்கரை அடுத்த வாரத்திலும் விழும். ஒரே புயல் இரண்டு வாரங்களாகப் பிரிந்துவிடும். புதனோடு முடியும் வாரத்தில் நவம்பர் 28 முதல் டிசம்பர் 4 வரை ஒரே வாரம் என்பதால் புயல் முழுவதும் அதற்குள் அடங்கும். இதனால் புதன் வாரம் எப்போதுமே சிறந்தது என்று ஆகிவிடாது. அடுத்த புயல் புதன் நள்ளிரவில் கரை கடந்தால் இதே சிக்கல் அந்தப் பக்கம் வரும். ஆனால் வானிலை மையம் வெளியிடும் வாராந்தர எண்களோடு உங்கள் எண்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் அவர்கள் வெட்டும் இடத்திலேயே நீங்களும் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எண்களும் ஏன் ஒத்துவரவில்லை என்று தேடி நாட்கள் வீணாகும்.

மயிலத்தின் மழை டிசம்பர் 1-க்கு உரியது என்று சொன்னேன் அல்லவா? அது பெய்ததில் பெரும்பகுதி நவம்பர் 30 அன்றுதான். இந்தியாவில் மழைமானியைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறார்கள். உலகப் பொது நேரப்படி அது சரியாக மூன்று மணி. முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை சேர்ந்த நீர் இன்றைய தேதியில் எழுதப்படுகிறது. ஆகவே மாதக் கணக்கு போடும்போது அந்த 51 செ.மீ. முழுவதும் டிசம்பரில் போய்ச் சேரும். இது பிழை இல்லை. நாடு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றுவதற்கான விதி. ஆனால் தானியங்கி நிலையம் ஒன்றின் மணிவாரித் தரவை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டி வைத்துக்கொண்டு, அதை வானிலை மையத்தின் தினசரி எண்ணோடு ஒப்பிட்டால் இரண்டும் மோதும். வாரத்துக்குப் போகும் முன் நாளையே சரியாக வெட்ட வேண்டும்.

```python
daily = hourly.resample("24h", offset="8h30min",
                        closed="right", label="right").sum()
daily.index = daily.index.normalize()
```

இதில் `offset` நாளின் எல்லையை 8.30-க்கு நகர்த்துகிறது. `closed="right"` என்றால் சரியாக 8.30-க்கு வந்த பதிவு முடிகிற நாளுக்கே சேரும். `label="right"` முடிவுத் தேதியை அந்த நாளுக்குப் பெயராக வைக்கிறது. இரண்டாம் வரி 8.30 என்ற நேரத்தை நீக்கித் தேதியை மட்டும் வைத்துக்கொள்கிறது. இங்கும் முதல் நாளும் கடைசி நாளும் அரைகுறையாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். வாரத்துக்கு உள்ள அதே ஓரச் சிக்கல் நாளுக்கும் உண்டு.

இன்னும் வராத தேதி

மேலே வந்த விடைகளில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். தரவு 2024 டிசம்பர் 31-இல் முடிகிறது. ஆனால் கடைசி வரிசையின் தேதி 2025 ஜனவரி. வார முறையில் பாண்டாஸ், வாரம் முடியும் நாளையே அதன் பெயராக வைக்கிறது. அந்த நாளுக்குத் தரவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. இந்த விடையை ஆண்டுவாரியாகப் பிரித்தால் டிசம்பர் கடைசி நாட்களின் மழை 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறிவிடும்.

வாரம் தொடங்கும் நாளே பெயராக வேண்டும் என்று நினைப்பவர்கள் `label="left"` என்பதை மட்டும் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வியாழன் கிடைக்காது. அதற்கு முந்தைய புதன்தான் கிடைக்கும். செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 2 வரையிலான வாரத்துக்குச் செப்டம்பர் 25 என்று பெயர் விழும். அந்த நாள் அந்த வாரத்திலேயே இல்லை. தொடக்க நாள் வேண்டுமென்றால் மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

```python
ones.resample("W-THU", closed="left", label="left").sum()
```

வியாழனிலிருந்து வியாழன் வரை, தொடக்க வியாழன் உள்ளே, முடிவு வியாழன் வெளியே என்பது இதன் பொருள். நாட்களின் கூட்டம் முன்பு பார்த்த புதன் வாரம்தான். பெயர் மட்டும் வியாழனாக மாறியிருக்கும். மாற்றிய பிறகு மீண்டும் ஒருமுறை 1 என்ற எண்ணை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. முனைகளில் 2, 6 என்று வந்தால் சரி.

வாரம் முடியும் தேதியே பெயராக இருப்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. தரவின் கடைசி நாளைவிட வாரத்தின் தேதி பிந்தியதாக இருந்தால் அந்த வாரம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படும் வரைபடங்களில் கடைசிப் பட்டை எப்போதும் சரிந்தே தெரிவதற்கு இதுதான் காரணம். 2024 நவம்பர் 18 திங்கட்கிழமை அன்று கணக்கெடுத்தால் கடைசி வாரத்தின் தேதி நவம்பர் 20 என்று இருக்கும். உள்ளே இருப்பது வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள். அதை முந்தைய முழு வாரத்தோடு ஒப்பிட்டு மழை குறைந்துவிட்டது என்று எழுதக் கூடாது. முந்தைய வாரத்திலும் வியாழன் முதல் திங்கள் வரையிலான ஐந்து நாளை மட்டும் கூட்டி ஒப்பிட வேண்டும்.

அரைகுறை வாரத்தை என்ன செய்வது?

பலர் உடனே நினைப்பது, இரண்டு நாள் மழையை ஏழு நாளுக்கு விரித்துவிடலாம் என்பது. இரண்டால் வகுத்து ஏழால் பெருக்கினால் போதும். மின்சாரப் பயன்பாடு போல நாளுக்கு நாள் பெரிதாக மாறாத எண்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். அங்கும் வார விடுமுறை வேறு கணக்கைக் காட்டும். மழைக்கு இந்த வழி ஆகவே ஆகாது. ஒரு வார மழை முழுவதும் ஒரே இரவில் பெய்து தீர்வது நம் கடற்கரையோரத்தில் சாதாரணம். அந்த இரவு இரண்டு நாளுக்குள் இருந்தால் மழை பொய்யாக மூன்றரை மடங்காகிவிடும். இல்லாவிட்டால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யமே.

அரைகுறை வாரங்களை எறிந்துவிடுவது இன்னொரு வழி. நடுவில் உள்ள பன்னிரண்டு வாரங்கள் மட்டும் மிஞ்சும். வாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது நேர்மையான வழி. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் கூட்டிப் பருவ மழை இவ்வளவு என்று சொல்லிவிடக் கூடாது. எட்டு நாட்கள் விடுபட்டுப் போயிருக்கும்.

நான் விரும்பும் வழி, தரவை இரு பக்கமும் நீட்டுவது. அரைகுறை வாரம் பெரும்பாலும் இயற்கையில் உருவாவதில்லை. நாம் தரவை வெட்டிய விதத்தில் உருவாகிறது. செப்டம்பர் 30 அன்றும் மழைமானி அங்கேயே இருந்தது, யாரோ அளந்து எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 1 என்று நாம் கத்தரித்ததால்தான் வாரம் உடைந்தது. செப்டம்பர் 26-இலிருந்து ஜனவரி 1 வரை எடுத்தால் 98 நாட்கள். சரியாகப் பதினான்கு முழு வாரங்கள்.

```python
weekly = (rain.loc["2024-09-26":"2025-01-01"]
              .resample("W-WED").sum(min_count=7))
season = rain.loc["2024-10-01":"2024-12-31"].sum()
```

முதல் கட்டளை வாரங்களுக்கு. இரண்டாவது பருவத்துக்கு. இரண்டும் தினசரிப் பதிவிலிருந்து நேராகப் பிறக்கின்றன. பதினான்கு வாரங்களின் கூட்டுத்தொகையும் பருவத்தின் மொத்தமும் ஒத்துவராது, ஒத்துவரவும் கூடாது. வாரங்களுக்குள் செப்டம்பரின் ஐந்து நாளும் ஜனவரியின் ஒரு நாளும் இருக்கின்றன. இதைப் பட்டியலின் அடியில் ஒரு வரியில் எழுதிவிட்டால் படிப்பவருக்குக் குழப்பம் வராது.

விடுபட்ட நாளும் வறண்ட நாளும்

மேலே உள்ள கட்டளையில் `min_count=7` என்ற ஒன்று நுழைந்திருக்கிறது. அது ஓரங்களுக்கு மட்டும் உரியதல்ல. `sum` என்ற கூட்டல், அளவு இல்லாத நாளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும். ஏழு நாளும் அளவே இல்லாத வாரத்துக்குக்கூடப் பூஜ்யம் என்று விடை தரும். மழைக் கணக்கில் பூஜ்யம் என்றால் மழை பெய்யவில்லை. அளவு இல்லை என்றால் யாரும் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றாகிவிட்டால் வறட்சி என்று எழுதப்படுவதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பூட்டிக்கிடந்த அலுவலகம் என்று பிரிக்கவே முடியாது. `min_count=7` சேர்த்தால், ஏழு நாளுக்கும் அளவு இருந்தால் மட்டுமே கூட்டுத்தொகை வரும். இல்லாவிட்டால் அந்த இடம் `NaN` என்று வெற்றாக நிற்கும். ஓரத்து அரைகுறை வாரமும் நடுவில் ஓட்டை விழுந்த வாரமும் ஒரே வலையில் சிக்கும்.

ஏழில் ஆறு நாள் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். சராசரி வெப்பநிலைக்குப் போதும், மழைக்குப் போதாது. உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. சராசரி எடுக்கும் அளவுகளில் மாதத்துக்குச் சில நாட்கள் விடுபடுவதை அது அனுமதிக்கிறது. மழை போன்று கூட்டும் அளவுகளில் எல்லா நாளும் இருக்க வேண்டும் என்கிறது. விடுபட்ட நாளின் மழை பிந்தைய அளவோடு சேர்த்து அளக்கப்பட்டிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கு முக்கியமானது. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி இருக்கிறது, ஞாயிறன்று பள்ளி பூட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் 0, வெள்ளி 4, சனி 22 மி.மீ. என்று பதிவேட்டில் இருக்கிறது. ஞாயிறு வெற்றிடம். திங்கள் 118, செவ்வாய் 9, புதன் 0. திங்களன்று அளந்த 118 மி.மீ. இரண்டு நாள் நீர். புதனோடு முடியும் வாரத்தில் மொத்தம் 153 மி.மீ. அந்த எண் சரியானது, ஞாயிற்று மழையும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் `min_count=7` ஆறு அளவுகளையே காண்பதால் இந்த வாரத்தை வெற்றாக்கிவிடும். இதே பதிவை ஞாயிறோடு முடியும் வாரத்தில் கூட்டினால் சிக்கல் வேறு விதமாகும். ஞாயிற்று மழை அடுத்த வாரத்துக்குத் தாவிவிடும், இரண்டு வாரமும் தவறாகிவிடும், சரிசெய்யவும் வழி இருக்காது.

இப்படிப்பட்ட இடத்தில் நிரலால் மட்டும் முடிவெடுக்க முடியாது. பதிவேட்டைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். திங்கள் அளவு இரண்டு நாளுக்கும் சேர்த்து எடுத்ததுதான் என்று தெரிந்தால் ஞாயிறுக்கு 0 என்று இட்டு, பக்கத்தில் தனி நெடுவரிசையில் சேர்த்து அளந்தது என்று குறித்துவைக்கலாம். வார மொத்தம் சரியாக வரும். ஆனால் அந்த 118-ஐ ஒரே நாளில் பெய்த மழையாக எடுத்து, அதிகபட்ச மழை நாள் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உண்டு. சில பதிவேடுகளில் மழை பெய்த நாளை மட்டும் எழுதுவார்கள். வறண்ட நாளுக்கு வரிசையே இருக்காது. அங்கே `min_count=7` போட்டால் ஏறக்குறைய எல்லா வாரமும் காலியாகும். பதிவேடு இடைவிடாமல் பராமரிக்கப்பட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், எல்லாத் தேதிகளையும் வரவழைத்து விடுபட்டவற்றுக்குப் பூஜ்யம் இடலாம்.

```python
all_days = pd.date_range("2024-09-26", "2025-01-01")
rain = rain.reindex(all_days, fill_value=0)
```

இங்கே தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் நாமே எழுதுவது வேண்டுமென்றேதான். தரவின் முதல் தேதியை நிரலே கண்டுபிடிக்க விட்டால், அது முதல் மழை பெய்த நாளைத்தான் கண்டுபிடிக்கும். அதற்கு முந்தைய வறண்ட நாட்கள் இருந்ததே தெரியாமல் போகும். பல நிலையங்களின் தரவை ஒரே கோப்பில் வைத்து நிலையவாரியாகப் பிரித்துக் கூட்டும்போது இது இன்னும் மோசமாகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் அதனதன் முதல் பதிவிலிருந்தே வாரங்கள் தொடங்கும். ஒரு நிலையத்துக்குப் பதினான்கு வாரம், இன்னொன்றுக்குப் பதினொன்று என்று பட்டியல் கோணலாக வரும்.

மாதங்கள்

மாதக் கணக்கில் முடிவுக் கிழமைச் சிக்கல் இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. பருவமும் அக்டோபர் 1-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிவதால் மூன்று முழு மாதங்கள் அழகாக வரும். ஆனால் வாரத்துக்காக நீட்டிய தரவையே மாதத்துக்கும் கொடுத்தால் செப்டம்பர் என்று ஐந்து நாள் மாதமும் ஜனவரி என்று ஒரு நாள் மாதமும் முளைக்கும். வாரத்துக்கு மருந்தாக இருந்ததே மாதத்துக்கு நோயாகிறது.

மாதத்துக்கு நாட்கள் 28, 29, 30, 31 என்று மாறுவதால் `min_count`-க்கு ஒரே எண்ணைக் கொடுக்க முடியாது. எத்தனை அளவுகள் இருக்கின்றன என்று எண்ணி, அந்த மாதத்தில் இருக்க வேண்டிய நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

```python
m = rain.resample("MS").agg(["sum", "count"])
m["full"] = m["count"] == m.index.days_in_month
```

`"MS"` மாதத்தின் முதல் நாளைப் பெயராக வைக்கும். கடைசி நாள் வேண்டுமென்றால் `"ME"`. பழைய நூல்களிலும் பாடங்களிலும் `"M"` என்றே இருக்கும். 2024 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பு அந்த எழுத்தைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கத் தொடங்கியது. `count` என்பது அளவு உள்ள நாட்களை மட்டும் எண்ணும். `size` என்றால் வெற்று நாட்களையும் சேர்த்து எண்ணிவிடும். இங்கே நமக்கு வேண்டியது `count`.

வாரங்களைக் கூட்டி மாதம் செய்யும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். நவம்பர் 28-இல் தொடங்கி டிசம்பர் 4-இல் முடியும் வாரத்தை எந்த மாதத்தில் சேர்ப்பது? தேதி டிசம்பர் 4 என்பதால் முழுவதும் டிசம்பருக்குப் போகும், நவம்பரின் மூன்று நாளும் அதோடு போகும். புயல் மழை விழுந்த வாரமே அதுவாக இருந்தால் இரண்டு மாதங்களின் கணக்கும் தலைகீழாகலாம்.

வேளாண் வானிலைக்காரர்கள் பயன்படுத்தும் இன்னொரு வாரம் உண்டு. ஜனவரி 1 முதல் 7 வரை முதல் வாரம் என்று தொடங்கி ஆண்டை 52 வாரங்களாக வகுப்பார்கள். 52-ஆவது வாரத்துக்கு எட்டு நாள். லீப் ஆண்டில் பிப்ரவரி 26-இல் தொடங்கும் ஒன்பதாவது வாரத்துக்கும் எட்டு நாள். இம்முறையில் ஆண்டின் ஓரத்தில் அரைகுறை வாரமே வராது, மிஞ்சும் நாளை அந்த எட்டு நாள் வாரம் விழுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு ஆண்டும் அதே வாரம் அதே தேதிகளில் வருவதால் விதைப்பு, பூப்பு என்று பயிர்ப் பருவங்களை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வசதி. இதற்குப் பாண்டாஸில் ஆயத்த எழுத்து எதுவும் இல்லை. `"7D"` என்று ஜனவரி 1-இலிருந்து ஏழேழாக எண்ணினால், லீப் ஆண்டில் பிப்ரவரி 29-க்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் பிசகி, கடைசியில் இரண்டு நாள் கொண்ட 53-ஆவது வாரம் ஒன்று எஞ்சும். வார எண்களைத் தேதிப்படி ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்படி `groupby` செய்வதே வழி.

மாவட்டம், வட்டாரம், பள்ளி என்று எந்த அளவிலாவது வாராந்தர மழைப் பட்டியல் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மழை அளவுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நெடுவரிசைகளுக்கு இடம் கொடுங்கள். ஒன்றில் வாரத்தின் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கட்டும். மற்றதில் எத்தனை நாள் அளக்கப்பட்டது என்ற எண் இருக்கட்டும். ஏழு என்று இல்லாத வரிசையை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.